மஞ்சளுக்கு மஞ்சள் சேர்க்காதீர்கள்: புது கார் ஸ்டீரியோவுக்கு ஒயரிங் ஹார்னஸ் அடாப்டர் மாட்டும் முழு வழிகாட்டி

எங்கள் வீட்டு 2006 மாடல் கரோலாவில் புது ஸ்டீரியோ மாட்டுவதற்காக ஒரு ஆக்சசரீஸ் கடையில் வண்டியை விட்டிருந்தேன். பழைய செட்டைக் கழற்றிய தம்பி, காரிலிருந்து வந்த இரண்டு வெள்ளைக் கப்ளர்களையும் ஒயரோடு வெட்டி எடுத்துவிட்டார். வெட்டிய முனைகளில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு மூன்றும் இருந்தன. புது செட்டிலும் அதே மூன்று நிறங்கள். மஞ்சளை மஞ்சளோடும், சிவப்பைச் சிவப்போடும், கறுப்பைக் கறுப்போடும் முறுக்கி டேப் சுற்றினார். செட் உயிர் பெறவில்லை. "கார்லேருந்து கரண்ட் வரல சார்" என்று சொல்லி, சிகரெட் லைட்டர் ஒயரிலிருந்து ஒரு கிளை இழுத்து அந்த மஞ்சள், சிவப்பு இணைப்புகளில் கொடுத்தார். திரையில் வெளிச்சம் வந்தது. "லைட் வந்துருச்சு சார், இனி ஸ்பீக்கர் மட்டும்தான்" என்றார். சில நிமிடங்களில் இடது பக்கப் பின்கதவிலிருந்து வார்னிஷ் கருகும் வாசனை வந்தது.

நடந்தது இதுதான். அந்தக் காரில் மஞ்சள் ஒயர் பேட்டரி ஒயரே இல்லை. இடது பின் ஸ்பீக்கரின் மைனஸ் அது. கறுப்பு ஒயரும் எர்த் இல்லை, அதே ஸ்பீக்கரின் பிளஸ். செட்டுக்கு எர்த் அதன் இரும்பு உடல் வழியாகவும் ஆன்டெனா ஒயரின் வெளியுறை வழியாகவும் கிடைத்துவிட்டதால் திரை எரிந்தது. செட்டின் கறுப்பு ஒயர் உள்ளே அந்த இரும்பு உடலோடுதான் சேர்ந்திருக்கும். ஆக, லைட்டரிலிருந்து வந்த 12 வோல்ட் மஞ்சள் வழியாக ஸ்பீக்கருக்குள் புகுந்து, கறுப்பு வழியாக எர்த்துக்குப் போனது. 4 ஓம் ஸ்பீக்கர் சுருளின் நேர் மின்தடை சுமார் 3.5 ஓம். அதில் 12 வோல்ட் விழுந்தால் ஏறத்தாழ மூன்றரை ஆம்பியர் ஓடும், 40 வாட்டுக்கு மேல் சூடு. பாட்டு ஏறி இறங்கும்போது அசைந்து காற்றில் ஆறிக்கொள்ளும் சுருள், நேர் மின்சாரத்தில் ஒரே இடத்தில் இழுபட்டு நின்று வெந்துபோகும். பியூஸ் ஏன் போகவில்லை என்றால், லைட்டருக்கு இருப்பது 15 ஆம்பியர் பியூஸ். மூன்றரை ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அதற்குப் பிறகு எந்தக் காரிலும் செட் மாற்றும் வேலையை நானே செய்கிறேன். அந்த வேலையை, டொயோட்டாவின் 10 பின், 6 பின் கப்ளர்களை வைத்தே இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பழைய டொயோட்டாக்களில் பெரும்பாலும் இந்த ஜோடிதான் இருக்கும். நிறம் எப்படி ஏமாற்றும் என்பதற்கும் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டு நிற மொழிகள்

தனியாகக் கடையில் வாங்கும் செட்டுகளின் ஒயர்கள் பெரும்பாலும் ஒரே நிற வழக்கைப் பின்பற்றும். கார் கம்பெனிகள் அப்படி இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் ஒயரிங்குக்குத் தனி நிறங்களை வைத்திருக்கிறது. மாடலுக்கு மாடல் மாறவும் மாறும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

| வேலை | புது செட்டில் | கரோலாவின் ஒயரில் |
|---|---|---|
| எப்போதும் 12 வோல்ட் | மஞ்சள் | நீலத்தில் மஞ்சள் கோடு |
| சாவி போட்டால் 12 வோல்ட் | சிவப்பு | சாம்பல் |
| எர்த் | கறுப்பு | பழுப்பு |
| ஹெட்லைட் போட்டால் திரை மங்க | ஆரஞ்சு, அல்லது அதில் வெள்ளைக் கோடு | பச்சை |
| முன் இடது பிளஸ் / மைனஸ் | வெள்ளை / கறுப்புக் கோடுள்ள வெள்ளை | பிங்க் / ஊதா |
| முன் வலது பிளஸ் / மைனஸ் | சாம்பல் / கறுப்புக் கோடுள்ள சாம்பல் | இளம்பச்சை / நீலம் |
| பின் இடது பிளஸ் / மைனஸ் | பச்சை / கறுப்புக் கோடுள்ள பச்சை | கறுப்பு / மஞ்சள் |
| பின் வலது பிளஸ் / மைனஸ் | ஊதா / கறுப்புக் கோடுள்ள ஊதா | சிவப்பு / வெள்ளை |

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். செட்டுக்கு உயிர் கொடுக்கும் மூன்று நிறங்களும் காரில் பின் ஸ்பீக்கர்களுக்குப் போய்விட்டன. காரின் ஊதாவைச் செட்டின் ஊதாவோடு சேர்த்தால் முன் இடது ஸ்பீக்கரின் மைனஸும் பின் வலதின் பிளஸும் ஒன்றாகிவிடும். செட்டின் ஊதாவுக்கும் கறுப்புக் கோடுள்ள ஊதாவுக்கும் வித்தியாசம் கோடு மட்டுமே. மங்கலான டேஷ்போர்டு வெளிச்சத்தில் அந்தக் கோடு கண்ணுக்குத் தப்பும். அதனால் ஒயர் சேர்க்கும் வேலையைக் காருக்குள் செய்யக்கூடாது, மேசைமேல்தான் செய்ய வேண்டும்.

ஹார்னஸ் அடாப்டர் இந்த இரண்டு மொழிகளுக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர். அதன் ஒரு முனை காரின் கப்ளரில் சொருகும். மறுமுனையில் வரும் ஒயர்களுக்குச் செட்டின் நிறங்களைப் பூசியிருப்பார்கள். காரின் கப்ளரில் கறுப்பு ஒயர் இருக்கும் அதே பின்னிலிருந்து, அடாப்டரில் பச்சை ஒயர் வெளிவரும். அடாப்டரைத் தாண்டிய பிறகு, பச்சையோடு பச்சை சேர்ப்பதுதான் சரி. காரின் ஒரு ஒயரையும் வெட்ட வேண்டியதில்லை. வண்டியை விற்கும்போது பழைய செட்டை அப்படியே திரும்பச் சொருகிக் கொடுக்கலாம்.

வாங்கும் முன் கப்ளரைப் பாருங்கள்

முதலில் பழைய செட்டை வெளியே எடுங்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் கிளாம்பைக் கழற்றிய பிறகே இதைச் செய்ய வேண்டும். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை போட்ட ஒயர் கற்றையோ மஞ்சள் கப்ளரோ தெரிந்தால் அதைத் தொட வேண்டாம். ஏர்பேக் ஒயர்களுக்கு மஞ்சள்தான் வழக்கமான அடையாளம். மீட்டரின் முனையைக்கூட அதில் வைக்கக்கூடாது.

செட்டின் பின்னால் சொருகியிருந்த கப்ளர்களின் முகத்தை நேராக வைத்து ஒரு போட்டோ எடுங்கள். பார்க்க வேண்டியது பின்களின் எண்ணிக்கை மட்டும் இல்லை. எத்தனை வரிசை, பூட்டு நாக்கு எந்தப் பக்கம், வரிசையின் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கரோலாவில் இரண்டு கப்ளர். 10 பின் உள்ளதில் மின்சாரமும் முன் ஸ்பீக்கர்களும், 6 பின் உள்ளதில் பின்பக்க ஸ்பீக்கர்களும் வரும். எல்லாக் குழியிலும் ஒயர் இருக்காது. காலிக் குழிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புதிய டொயோட்டாக்களில் இதற்குப் பதில் 28 பின் உள்ள ஒரே பெரிய கப்ளர் வருகிறது. அதனால் "டொயோட்டா அடாப்டர் கொடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். சென்னை ஜி.பி. ரோடு போன்ற இடத்தில் வாங்குவதென்றால் போட்டோவைக் காட்டி, கடைக்காரரின் கையில் இருக்கும் அடாப்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. அடாப்டரில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, காரின் கப்ளருக்குள் போவது. பழைய செட்டின் பின்புறச் சாக்கெட்டின் வடிவம் அதற்கு இருக்கும். இன்னொன்று, காரின் கப்ளரைப் போலவே இருப்பது. அது பழைய செட்டின் பின்னால் போய்ச் சொருகும். முன்னமே யாராவது கப்ளரை வெட்டி எறிந்துவிட்ட காரில், கம்பெனி செட்டைத் திரும்ப மாட்டத்தான் அந்த இரண்டாவது வகை. அமெரிக்க மெட்ரா நிறுவனத்தின் பட்டியலில் டொயோட்டாவுக்கு முதல் வகை 70-1761, இரண்டாவது வகை 71-1761. ஓர் இலக்கம்தான் வித்தியாசம். இணையத்தில் ஆர்டர் போடும்போது இரண்டின் படமும் ஒன்றுபோலவே தெரியும். எது வேண்டும் என்று தெரிய எளிய வழி, காரிலிருந்து வரும் கப்ளரைப் பார்த்து, "இதுக்குள்ள இது நுழையுமா?" என்று கேட்டுக்கொள்வது. இரண்டும் ஒரே முகமாக இருந்தால் நுழையாது.

செட்டின் பக்கக் கப்ளர் செட்டோடு பெட்டியில் வரும். அதைத் தொலைத்துவிட்டால் அதே மாடலுக்கு உரியதை வாங்குங்கள். 16 பின் கப்ளர்கள் வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே பின்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அடாப்டரை மட்டும் மாட்டி அளந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். செட்டை இணைக்கும் முன், அடாப்டரைக் காரின் கப்ளரில் சொருகி, அதன் திறந்த முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பெயர் இல்லாத மலிவு அடாப்டர்களில் நிறங்கள் தாறுமாறாக இருப்பதுண்டு. காரில் முன்பு யாராவது கை வைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இந்தச் சோதனையில் இரண்டுமே வெளிச்சத்துக்கு வந்துவிடும். காரின் நிறங்கள் உங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லாமல் போகும்.

முனைகளை விசிறிபோல விரித்து, ஒன்றோடொன்று படாமல் ஒரு அட்டையில் டேப் போட்டு ஒட்டுங்கள். பேட்டரி இன்னும் கழன்றிருக்கும்போதே ஸ்பீக்கர்களை அளந்துவிடலாம். மீட்டரை ஓமில் வைத்து, வெள்ளைக்கும் கறுப்புக் கோடுள்ள வெள்ளைக்கும் இடையே பாருங்கள். 3 முதல் 4 ஓம் வரை காட்டினால் அந்த முனையில் ஒரு நல்ல ஸ்பீக்கர் இருக்கிறது. மீதி மூன்று ஜோடிகளுக்கும் இதேபோலச் செய்யுங்கள். என் இடது பின் ஸ்பீக்கர் அன்று காட்டியது `OL`, அதாவது சுருள் அறுந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயருக்கும் காரின் வெற்று இரும்புக்கும் இடையே பாருங்கள். அங்கே எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் அந்த ஒயர் எங்கோ உரசி உடம்பைத் தொடுகிறது. இல்லையென்றால் அது ஸ்பீக்கர் ஒயரே இல்லை.

கறுப்பு ஒயருக்கும் இரும்புக்கும் இடையே மட்டும் ஓம் ஏறக்குறைய சுழியமாக இருக்க வேண்டும். இருந்தால் அது உண்மையான எர்த்.

இப்போது பேட்டரியை மாட்டி, மீட்டரை 20 வோல்ட் டிசிக்கு மாற்றுங்கள். ஓமில் வைத்தபடியே உயிருள்ள ஒயரைத் தொட்டால் மீட்டர் கெடும். கறுப்பு முனையை எர்த்தில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். சாவி இல்லாமலே மஞ்சளில் 12.5 வோல்ட் அளவு வர வேண்டும். சிவப்பில் சாவி இல்லாதபோது ஒன்றும் இருக்கக்கூடாது, சாவியை ஏசிசிக்குத் திருப்பியதும் 12 வோல்ட் வர வேண்டும். ஆரஞ்சில் பார்க் லைட் போட்டால் மட்டும் வரும். எல்லாம் சரியாக வந்தால் ஒரு காகிதத்தில் எழுதிவைத்துவிட்டு, பேட்டரியை மீண்டும் கழற்றுங்கள்.

காரின் பூட் பகுதியிலோ சீட்டுக்கு அடியிலோ கம்பெனி ஆம்ப் இருந்தால் ஸ்பீக்கர் ஜோடிகளில் 3, 4 ஓம் வராது. வேறு ஏதோ எண் வரும். அந்தக் காருக்குச் சாதாரண அடாப்டர் பொருந்தாது. ஆம்புக்கென்று உள்ள வகையைத் தேட வேண்டும்.

வடிவமும் ஏமாற்றும்

நிறத்தை நம்பாமல் வடிவத்தை நம்பலாமே என்று தோன்றும். ஐரோப்பிய கார்களில் பரவலாக உள்ள ஐஎஸ்ஓ 10487 கப்ளர் அதற்குப் பதில் சொல்கிறது. அதில் 8 பின் கொண்ட இரண்டு பகுதி. ஒன்றில் மின்சாரம், மற்றதில் ஸ்பீக்கர்கள். மின்சாரப் பகுதியின் 4வது பின் எப்போதும் 12 வோல்ட், 7வது பின் சாவி வழி 12 வோல்ட், 8வது எர்த். ஆனால் ஃபோக்ஸ்வேகன் கார்கள் பலவற்றில் 4ம் 7ம் இடம் மாறியிருக்கும். கப்ளர் கச்சிதமாகச் சொருகும், பாட்டும் வரும். சாவியை எடுத்ததும் செட் தன் கடிகாரத்தையும் பிடித்துவைத்த ஸ்டேஷன்களையும் மறந்துவிடும், ஏனென்றால் அதன் மஞ்சள் ஒயருக்குச் சாவி போட்டால்தான் மின்சாரம் வருகிறது. இதற்காகவே நல்ல அடாப்டர்களில் மஞ்சள், சிவப்பு ஒயர்களின் நடுவில் கழற்றி மாற்றிச் சொருகக்கூடிய சிறு புல்லட் இணைப்புகள் இருக்கும். அவற்றைக் குறுக்காக மாற்றினால் போதும்.

மேசைமேல் ஒயர் சேர்ப்பது

அடாப்டரையும் செட்டின் கப்ளரையும் மேசையில் நேருக்கு நேர் வையுங்கள். செட்டின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஒருமுறை படித்து, மேலே சொன்ன நிறங்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் ஸ்டிக்கர் சொல்வதே செல்லும்.

ஒயரின் முனையை ஒரு சென்டிமீட்டர் உரித்து, சுருங்கும் குழாயை முதலிலேயே ஒரு ஒயரில் கோர்த்துவிடுங்கள். மறந்தால் பற்றவைத்த பிறகு கோர்க்க முடியாது. இரண்டு முனைகளையும் ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து, ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். சால்டரிங் வராதவர்கள் கிரிம்ப் ஸ்லீவ் போட்டு, அதற்குரிய கிரிம்பிங் இடுக்கியால் அழுத்தலாம். சாதாரண பிளையரால் நசுக்குவது பிடிக்காது. அழுத்திய பிறகு இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. முறுக்கி டேப் சுற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டுக்குள் டேப்பின் பசை உருகி வழியும். இரண்டாவது கோடையில் டேப் தானாகவே கழன்று விழுந்திருக்கும்.

எல்லா இணைப்பும் ஒரே இடத்தில் வந்தால் அங்கே ஒரு தடித்த முடிச்சு உருவாகி, செட் முழுதாக உள்ளே போகாது. ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி வைத்தால் கற்றை மெலிதாக இருக்கும்.

மிஞ்சும் ஒயர்களை என்ன செய்வது என்பது முக்கியமானது. செட்டில் நீலமும் வெள்ளைக் கோடுள்ள நீலமும் இருக்கும். நீலம் மோட்டார் ஆன்டெனாவுக்கு, மற்றது வெளி ஆம்பை எழுப்புவதற்கு. இரண்டும் செட்டிலிருந்து 12 வோல்ட் வெளியே தரும் ஒயர்கள். இவற்றின் வெற்று முனை காரின் இரும்பில் பட்டால் செட்டின் உள்ளே ஏதாவது போய்விடும். தேவைப்படாத ஒவ்வொரு ஒயரின் முனையையும் தனித்தனியாகச் சுருங்கும் குழாயால் மூடுங்கள். சேர்த்துக் கட்டி ஒரே டேப்பில் சுற்றக்கூடாது.

ஸ்பீக்கர் மைனஸ்களை எர்த்தோடு சேர்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. மிகப் பழைய செட்டுகளுக்கு அது சரியாக இருந்திருக்கலாம். இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் எர்த்தைவிடப் பேட்டரியின் பாதி அளவு வோல்ட் நிற்கும். அதில் ஒன்றை எர்த்தில் சேர்த்தால் செட் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துபோகும், காக்க முடியாவிட்டால் உள்ளே இருக்கும் ஆம்ப் சிப் போய்விடும்.

மாட்டிய பிறகு எப்படிச் சரிபார்ப்பது

செட்டை உள்ளே தள்ளி ஸ்க்ரூ முடுக்கும் முன் எல்லாவற்றையும் சொருகி, பேட்டரியை மாட்டி ஓட்டிப் பாருங்கள். சாவியை எடுத்தால் செட் அணைய வேண்டும். அணையாமல் பாடிக்கொண்டே இருந்தால் சிவப்பு ஒயர் மஞ்சளோடு சேர்ந்திருக்கிறது. இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடும். அணைந்து மீண்டும் எழும்போது கடிகாரம் சுழியத்திலிருந்து தொடங்கினால், மஞ்சள் எப்போதும் உயிருள்ள ஒயருக்குப் போகவில்லை.

பிறகு பேலன்ஸை முழுக்க இடதுக்கும் பேடரை முழுக்க முன்னுக்கும் தள்ளுங்கள். முன் இடது ஸ்பீக்கர் மட்டும் பாட வேண்டும். இடது என்பது சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது இடது. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இப்படி நான்கு மூலைகளையும் கேளுங்கள்.

நான்கும் பாடினாலும் ஒரு தவறு ஒளிந்திருக்கலாம். ஒரு ஸ்பீக்கரில் பிளஸும் மைனஸும் மாறியிருந்தால் அது தனியாகப் பாடும்போது குறை தெரியாது. பேலன்ஸை நடுவில் வைத்ததும் தவில், டிரம்ஸ் ஒலியின் கனம் காணாமல் போகும், குரல் நேர்முன்னால் நிற்காமல் அங்குமிங்கும் சிதறும். சந்தேகப்படும் ஸ்பீக்கரின் ஜோடியைச் செட்டிலிருந்து கழற்றி, ஒரு 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரியின் பிளஸை ஸ்பீக்கர் பிளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு வெளிப்பக்கம் குதித்தால் சரி, உள்ளே போனால் ஜோடி மாறியிருக்கிறது. செட்டோடு இணைந்திருக்கும்போது இதைச் செய்யக்கூடாது.

எல்லாம் சரியென்றால் கற்றையின் மேல் மெல்லிய ஸ்பாஞ்ச் டேப் சுற்றுங்கள், மேடு பள்ளத்தில் டேஷ்போர்டுக்குள் கடகடக்காது. செட்டை உள்ளே தள்ளும்போது ஒயர்கள் அதன் கீழோ பக்கத்திலோ விழட்டும், பின்னால் நேராக மடங்கி நிற்க வேண்டாம். கடைசி இரண்டு சென்டிமீட்டருக்கு உள்ளே போகாவிட்டால் அழுத்தாதீர்கள். வெளியே இழுத்து, எந்தக் கப்ளர் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மீண்டும் தள்ளுங்கள்.